நூறாவது ரத்ததான விழாவும் முதல்முறை வருபவரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க மன்றத்து அண்ணன் ஒருத்தர் அடுத்த மாசம் நூறாவது தடவை ரத்தம் கொடுக்கப் போறார். முகாம் நடக்கிற அன்னைக்கே, மேடை போட்டு, எல்லார் முன்னாடியும் கொடுக்க வைக்கலாமா?

விழாவை முகாமில் வையுங்கள். நூறாவது கொடையை மட்டும் அதற்குச் சில நாள் முன்னதாகவே, அவர் வழக்கமாகப் போகும் ரத்த வங்கியில், எப்போதும் போலக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

காரணம் எளிது. நூறாவது தடவை வருபவருக்கும் முதல் தடவை வருபவருக்கும் பரிசோதனை ஒன்றுதான். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. ரத்த அழுத்தத்தில் மேல் அளவு 100 முதல் 140-க்குள்ளும், கீழ் அளவு 60 முதல் 90-க்குள்ளும் இருக்க வேண்டும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. விழா நாயகர் முந்தின ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். காலையில் உறவுக்காரர்களை வரவேற்று, போனுக்குப் பதில் சொல்லி, வெயிலில் அலைந்திருப்பார். அப்படி வந்து உட்காரும்போது அழுத்தம் 150 காட்டினால் டாக்டர் என்ன செய்வார்? வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது, மாலை தயார், படம் எடுப்பவர் நிற்கிறார். "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்ல டாக்டருக்கும் சங்கடம். "ரெண்டு நாளா லேசா காய்ச்சல் இருந்துச்சு" என்று ஒப்புக்கொள்ளக் கொடையாளருக்கும் சங்கடம். அப்படி மறைத்துக் கொடுத்த ரத்தத்தின் பலனை அனுபவிப்பவர் எங்கேயோ படுக்கையில் இருக்கும் நோயாளி.

இன்னொன்றும் உண்டு. பெரியவரைப் பரிசோதிக்காமலே கைதட்டிக் கட்டிலுக்கு அழைத்துப் போனால், வரிசையில் நிற்கும் கல்லூரிப் பையன் "இந்தக் கேள்வித்தாள் எல்லாம் சும்மா சடங்கு" என்று புரிந்துகொள்வான். அவனுக்கு அதுதான் முதல் பாடமாகப் போய்விடும்.

முன்கூட்டியே கொடுத்துவிட்டால் ஒரு வசதியும் கிடைக்கிறது. 90 நாள் இடைவெளி விதியால் முகாம் அன்று அவர் கொடுக்க முடியாது. ஆகவே காலை முழுக்க அவர் கை சும்மா இருக்கும். அந்த நேரத்தைப் புதியவர்களோடு உட்காரப் பயன்படுத்தலாம். எப்படி என்று கீழே சொல்கிறோம்.

நூறு தடவைக்கு எத்தனை வருஷம் ஆகும்? ஒரு தம்பி "அஞ்சே வருஷத்துல நானும் நூறு போட்டுருவேன்"ங்கிறான்.

முழு ரத்தமாகக் கொடுத்தால் முடியாது. முடியவும் கூடாது. ஆண்கள் 90 நாளுக்கு ஒரு தடவைதான் கொடுக்கலாம். முதல் கொடைக்கும் நூறாவதற்கும் நடுவில் 99 இடைவெளிகள். 99-ஐ 90-ஆல் பெருக்கினால் 8,910 நாள், அதாவது 24 வருஷத்துக்கும் மேல். ஒரு தடவைகூடத் தள்ளிப்போகாமல், காய்ச்சல், பயணம், மருந்து எதுவும் குறுக்கிடாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. 18 வயதில் தொடங்கியவருக்கும் 42 வயது தாண்டிவிடும்.

பெண்களுக்கு இடைவெளி 120 நாள். அதே 99 இடைவெளிக்கு 11,880 நாள், ஏறத்தாழ 32 வருஷம் 6 மாதம். நடுவில் கர்ப்ப காலம், பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருஷம், பால் கொடுக்கும் காலம் எல்லாம் கழியும். ஆகவே 30 தடவை கொடுத்த ஒரு அக்காவை நூறு தடவை கொடுத்த அண்ணனுக்குப் பக்கத்தில் நிறுத்தி எண்ணிக்கையை மட்டும் வாசித்தால் அது நியாயமான ஒப்பீடு இல்லை. கொடுத்த ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். "பதினஞ்சு வருஷமா விடாம வர்றாங்க" என்று சொன்னால் அவர் செய்தது என்னவென்று சபைக்குப் புரியும்.

இந்தக் கணக்கை அந்தத் தம்பியிடம் சொல்லும்போது மட்டம் தட்டுவது போல வேண்டாம். நூறு என்பது பெரிய உடம்பும் பெரிய தைரியமும் இருப்பவர் செய்தது இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலண்டரைப் பார்த்தவர் செய்தது. அதை அவனே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அவர் கொடுத்ததுல கொஞ்சம் பிளேட்லெட்டும் இருக்கு. அதையும் நூறுல சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் பிரித்துச் சொல்லுங்கள். "82 தடவை முழு ரத்தம், 18 தடவை தட்டணுக்கள்" என்று அறிவிப்பது போதும். மெஷின் வழியாகத் தட்டணுக்களை மட்டும் எடுக்கும்போது சிவப்பணுக்கள் திரும்ப உடம்புக்கே வந்துவிடும் என்பதால் 48 மணி நேர இடைவெளியிலேயே மறுபடி கொடுக்க முடியும். வாரத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு 24 என்பது வரம்பு. இதைப் பிரிக்காமல் சொன்னால் கேட்பவர்கள் முழு ரத்தத்தையே அடிக்கடி கொடுக்கலாம் போல என்று தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

நூறுதான்னு எப்படி உறுதிப்படுத்துறது? அவரே 98-ஆ 102-ஆன்னு சந்தேகப்படுறார்.

ரத்த வங்கிகள் பதிவேடுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. இருபது வருஷத்துக்கு முந்தின கொடைக்கு அங்கே போய்க் கேட்டால் கிடைக்காமல் போகலாம். அவர் வீட்டில் இருக்கும் கொடையாளர் அட்டைகள், சான்றிதழ்கள், பழைய டைரி இவற்றைத் தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு தேதிகளுக்கு நடுவே மூன்று மாதத்துக்குக் குறைவாக வந்தால் ஒன்று தட்டணுக் கொடையாக இருக்கும், அல்லது ஒரே கொடைக்கு இரண்டு சான்றிதழ் இருக்கும். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரருக்காக மாற்று ரத்தமாகக் கொடுத்ததும் கொடைதான், அதையும் எண்ணுங்கள்.

கடைசியில் ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் "நூறைத் தொட்டவர்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். எண்ணிக்கைக்காக அவசரமாக ஒரு கொடையைச் செருகுவது மட்டும் கூடாது.

ஃப்ளெக்ஸ்ல என்ன போடலாம்?

மதுரையில் விழா என்றால் ஃப்ளெக்ஸ் இல்லாமல் ஆகாது என்பது தெரியும். படம் போடுங்கள், பெயர் போடுங்கள், நூறு என்ற எண்ணையும் போடுங்கள். அவர் சம்பாதித்த மரியாதை அது, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். "கொடை வள்ளல்", "நடமாடும் தெய்வம்" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். தெய்வத்தைப் பார்த்துக் கும்பிடத்தான் தோன்றும், அதைப் போல நாமும் செய்யலாம் என்று தோன்றாது.

அதற்குப் பதில் இரண்டு வரி: முதல் கொடை எந்த வருஷம், எங்கே, நூறாவது எந்த நாள். "முதல் முறை: 1999, கல்லூரி முகாம். நூறாவது முறை: இந்த மாதம்." இதைப் படிக்கும் பையனுக்கு, தானும் இன்று அந்த முதல் வரியில்தான் நிற்கிறோம் என்று தெரியும்.

நுழைவாயிலில் ஒரு கரும்பலகையும் வையுங்கள். "இன்று முதன்முறை வந்தவர்கள்" என்று எழுதி, பதிவு மேசையில் ஒவ்வொருவர் வந்ததும் எண்ணை மாற்றுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: *வந்தவர்கள்* என்றுதான் எழுத வேண்டும், *கொடுத்தவர்கள்* என்று இல்லை. ஹீமோகுளோபின் குறைந்து திரும்புகிற பெண்ணும் அந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும்.

விழாவை எத்தனை மணிக்கு வைக்கிறது? சிறப்பு விருந்தினர் பதினொரு மணிக்குத்தான் வர முடியுமாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை, காலை 9 முதல் மதியம் 1 வரை முகாம். 60 பேர் வருவார்கள் என்று எதிர்பார்ப்பு, அதில் 20 பேருக்கு மேல் முதல்முறை. ரத்த வங்கிக் குழு நான்கு கட்டில் கொண்டுவருகிறது.

ரத்தம் பையில் நிறைய ஐந்து முதல் பத்து நிமிடம்தான் ஆகும். நரம்பு தேடி, தோலைச் சுத்தம் செய்து, எடுத்து முடித்தபின் கொஞ்சம் படுக்கவைத்து, கட்டிலைத் துடைப்பதையும் சேர்த்தால் ஒருவருக்கு 20 நிமிடம். நான்கு கட்டிலில் மணிக்கு 12 பேர், நான்கு மணி நேரத்தில் 48 பேர். 60 பேரில் சிலர் பரிசோதனையில் திரும்புவார்கள் என்பதால் இது சரியாகப் பொருந்தும். ஆனால் கூடுதலாக ஒரு நிமிடமும் கையில் இல்லை.

இதில் 11 மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்தி 40 நிமிடம் பாராட்டு விழா நடத்தினால் எட்டுப் பை போகும். அதைவிட மோசமானது அதற்குப் பிறகு வரும் நெரிசல். விழா முடிந்ததும் முப்பது பேர் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள். பழக்கப்பட்டவர்கள் டெக்னீஷியனைத் தெரியும் என்பதால் முன்னால் போய்விடுவார்கள். காலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு வந்த புதியவர் பன்னிரண்டரைக்குத்தான் கட்டிலுக்குப் போவார். பசியும் காத்திருப்பும் பயமும் சேர்ந்தால் மயக்கம் வரும். இல்லையென்றால் சொல்லாமல் கிளம்பிவிடுவார்.

விழாவைக் கடைசிக்குத் தள்ளுவதும் சரிப்படாது. ஒரு மணிக்குப் புதியவர்கள் ஜூஸ் குடித்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். அங்கே கைதட்ட மன்றத்து ஆட்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

நாங்கள் சொல்லும் வழி: 11 மணிக்கே வையுங்கள், கட்டில்கள் ஓடிக்கொண்டே இருக்கட்டும். மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடப் பக்கம், சிற்றுண்டி மேசைக்கு அருகில், 12 நிமிடத்தில் முடியுங்கள். சால்வை ஒரு நிமிடம், விருந்தினர் மூன்று, விழா நாயகர் நான்கு, மிச்சம் படம் எடுக்க. ரத்தம் எடுக்கும் அறைக்கு மைக் சத்தம் போகக் கூடாது. வேட்டு கட்டாயம் வேண்டாம். ஊசி கையில் இருக்கும்போது திடுக்கிட்டுக் கையை இழுத்தால் ஊசி நரம்பை விட்டு நகர்ந்து, உள்ளே ரத்தம் கசிந்து, முழங்கை மடிப்பு நீலமாக வீங்கும். வாரம் முழுக்க அந்தக் கறுப்பைக் காட்டி அவர் நாலு பேரிடம் சொல்வார்.

தமிழ்த்தாய் வாழ்த்தைக் காலை 9 மணிக்கு, ஒருவரும் கட்டிலுக்குப் போகும் முன்பே பாடிவிடுங்கள். அப்போதுதான் ரத்தம் கொடுத்து ஐந்து நிமிடம் ஆனவர் மரியாதைக்காக எழுந்து நிற்க வேண்டிய நிலை வராது. இதே காரணத்துக்காகக் குழுப் படத்துக்கும் நாற்காலி போடுங்கள். கொடுத்தவர்கள் உட்கார்ந்திருக்கட்டும், மற்றவர்கள் பின்னால் நிற்கட்டும்.

நூறு தடவை கொடுத்தவர் என்ன பேசணும்? அவருக்கு மேடைப் பழக்கம் இல்லை.

மூன்று விஷயம் போதும். முதல் தடவை எதற்குப் பயந்தார் என்பது ஒன்று. எத்தனை தடவை "இன்னைக்கு முடியாது" என்று திருப்பி அனுப்பப்பட்டார் என்பது இரண்டு. நாளை மறந்துவிடாமல் எப்படி நினைவு வைத்துக்கொள்கிறார் என்பது மூன்று.

இரண்டாவதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் கேட்பதில்லை. 25 வருஷம் கொடுத்தவர் ஒரு தடவைகூடத் திரும்பாமல் இருந்திருப்பது அரிது. ஒரு தடவை கொடுக்கும் 350 மில்லி ரத்தத்தோடு சுமார் 150 முதல் 180 மில்லிகிராம் இரும்புச்சத்தும் போகிறது. தொடர்ந்து கொடுப்பவருக்கு இடையில் ஹீமோகுளோபின் இறங்குவது சகஜம். அவர் மைக்கில் "என்னையவும் அஞ்சாறு தடவை திருப்பி அனுப்பியிருக்காங்க, அடுத்த மாசம் மறுபடி வந்தேன்" என்று சொன்னால், அரைமணி நேரம் முன்பு திரும்பிய பெண் தலை நிமிர்ந்து உட்காருவார். நாம் எத்தனை ஆறுதல் சொன்னாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

பேசக் கூடாதது: "ஒண்ணுமே தெரியாது, எறும்பு கடிச்ச மாதிரி". ஊசி கொஞ்சம் தடிமனானது, ஏறும்போது சுருக்கென்று வலிக்கும். பொய் சொன்னால் அந்த நொடியில் புதியவருக்கு "எனக்கு மட்டும்தான் வலிக்குது போல" என்று தோன்றும். "குத்துறப்ப ஒரு நொடி வலிக்கும், அப்புறம் கை கொஞ்சம் கனமா இருக்கும், அவ்வளவுதான்" என்பதுதான் உண்மை.

மேடைக்கு அப்புறம் அவரை என்ன செய்யச் சொல்லலாம்?

சிற்றுண்டி மேசையில் உட்கார வையுங்கள். பதிவு மேசையில் வேண்டாம், அங்கே அவரைப் பார்த்ததும் புதியவருக்குத் தன் படிவத்தில் "இதற்கு முன் கொடுத்தது: இல்லை" என்று எழுதவே கூச்சமாக இருக்கும். கொடுத்து முடித்தவர் பிஸ்கட்டோடு பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரத்தான் வேண்டும். புதியவர் பாதிப் பேர் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். பக்கத்தில் பேச ஆள் இருந்தால் உட்காருவார்கள்.

அவர் கேட்க வேண்டியது "எப்படி இருக்கு தம்பி, தலை சுத்துதா?" என்பதுதான். "இத்தனை வருஷமா எங்கப்பா இருந்த?" என்று சிரித்துக்கொண்டு கேட்பதுகூடக் குத்தும். முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக வந்தவருக்கு அது இருபது வருஷத்துக்குச் சேர்த்துக் கணக்குக் கேட்பது போல இருக்கும்.

முதல் தடவை வர்றவங்க மயங்கி விழுந்துட்டா விழாவே கெட்டுப்போயிடுமே?

முதல்முறை வருபவர், வயது குறைந்தவர், எடை குறைந்தவர் இவர்களுக்குத்தான் மயக்கம் கொஞ்சம் அதிகமாக வரும். பயத்தாலும் ரத்தம் குறைவதாலும் நாடியும் அழுத்தமும் சட்டென்று இறங்குவதுதான் காரணம், கோழைத்தனம் இல்லை. இதைப் பெருமளவு தடுக்கலாம்.

வெறும் வயிற்றோடு யாரையும் உட்கார வைக்காதீர்கள். சாப்பிட்டு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் ஏதாவது கொடுங்கள். பரிசோதனை முடிந்ததும் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். கட்டிலில் படுத்ததும் காலைக் குறுக்காக வைத்து, தொடையையும் இடுப்பையும் ஐந்து நொடி இறுக்கித் தளர்த்தச் சொல்லுங்கள். அது கால் பக்கம் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளும். புதியவரின் கட்டிலை மற்றவரின் பை தெரியாத திசையில் திருப்பிப் போடுங்கள். ஒருவர் மயங்குவதைப் பார்த்தாலே அடுத்தவருக்கும் வரும் என்பதால் நடுவில் ஒரு திரையும் தயாராக இருக்கட்டும்.

அறிகுறி முகத்தில்தான் முதலில் தெரியும். கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாவார். கொட்டாவி விடுவார், மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்க்கும், உதடு வெளுக்கும். அந்த நேரத்தில் ஊசியை எடுத்துவிட்டு, தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கிவைத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகும். சுற்றி நின்று பார்ப்பவர்களை விலக்குங்கள். "சாப்பிடாம வந்தியா?" என்ற விசாரணையை அப்போது ஆரம்பிக்காதீர்கள்.

கிளம்பிப் போனபின்னும் மயக்கம் வரலாம். டூவீலரில் வந்தவரை அரைமணி நேரமாவது இருக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் போகிறவரிடம், தலை சுற்றினால் யாரிடமாவது சொல்லி உட்காரும்படி சொல்லி அனுப்புங்கள். நெரிசலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போவதுதான் ஆபத்து.

ஹீமோகுளோபின் குறைவுன்னு திருப்பி அனுப்புறப்ப நிறையப் பேர் அழுதுடுறாங்க. எப்படிச் சொல்றது?

சொல்லும் இடம் முதலில் சரியாக இருக்க வேண்டும். பல முகாம்களில் பரிசோதனை மேசை வரிசைக்கு நேர் எதிரே இருக்கும். நீலக் கரைசல் ஊற்றிய சின்னக் குப்பியில் விரலிலிருந்து எடுத்த ஒரு சொட்டு விழும். அது காப்பர் சல்பேட், அடர்த்தி 1.053. ஹீமோகுளோபின் 12.5-க்கு மேல் இருந்தால் சொட்டு நேராக அடியில் போய் உட்காரும். குறைவாக இருந்தால் பாதி வழியில் தயங்கும், மேலே ஏறும். வரிசையில் நிற்கும் எல்லோரும் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீட்டரில் பார்த்தாலும் இதே கதைதான், எண்ணை டெக்னீஷியன் சத்தமாக வாசிப்பார். மேசையைத் திருப்பிப் போடுங்கள், முடிவைத் தாளில் எழுதிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

"உங்களுக்கு ரத்தமே இல்ல, நீங்க எப்படிக் கொடுப்பீங்க" என்பது நம் ஊரில் சாதாரணமாக வாயில் வரும் பேச்சு. அதைக் கேட்டவர் மறுபடி எந்த முகாமுக்கும் வர மாட்டார். இப்படிச் சொல்லலாம்: "உங்க அளவு 11.6 இருக்கும்மா. கொடுக்க 12.5 வேணும். இப்ப எடுத்தா உங்களுக்குச் சோர்வு வரும். இந்த எண்ணை வச்சு ஒரு டாக்டரைப் பாருங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்." அளவு, காரணம், அடுத்த வேலை. மூன்றும் இருந்தால் அது நிராகரிப்பாகத் தெரியாது. முருங்கைக்கீரை, பேரீச்சை என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. மாதவிலக்கில் அதிகப் போக்கு, குடல்புழு என்று வேறு காரணம் இருக்கலாம், அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துச் சொல்வார்கள்.

எடை குறைவு என்றால் (45 கிலோவுக்குக் கீழ்), சமீபத்தில் பச்சை குத்தியிருந்தால் (ஒரு வருஷம் தள்ள வேண்டும்) இதையெல்லாம் அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். உசிலம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவரைப் பச்சைக்காகத் திருப்பி அனுப்புவது நம் தப்பு.

திரும்புபவருக்கும் அதே ஜூஸ், அதே பிஸ்கட், அதே நாற்காலி.

பெரியவருக்குத் தங்கக்காசு, கொடுக்கிற எல்லாருக்கும் ஒரு ஹாட்பாக்ஸ் தரலாம்னு ஸ்பான்சர் சொல்றார்.

வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. தங்கக்காசு காசுதான். ஹாட்பாக்ஸ் அப்படித் தெரியாது, ஆனால் பொருளுக்காக வருபவர் மஞ்சள் காமாலை வந்ததைப் படிவத்தில் எழுத மாட்டார். பையைப் பரிசோதிப்பார்கள் என்பது சரி, தொற்று வந்த புதிதில் பரிசோதனையிலும் தப்பிவிடும் ஒரு காலம் உண்டு. அதை அடைக்க வழி உண்மையான பதில் ஒன்றுதான்.

பெரியவருக்கு சால்வை, ஒரு கேடயம், மல்லிகை மாலை. முதல்முறை கொடுத்தவருக்கு ஒரு சிறு பேட்ஜ் அல்லது அட்டை. சான்றிதழ் எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே தாள். ஸ்பான்சரின் பணத்தை நல்ல சிற்றுண்டிக்கும் மின்விசிறிக்கும் செலவழியுங்கள்.

முதல் தடவை கொடுத்தவங்களையும் மேடையேத்திப் பேர் வாசிக்கலாமா? வாட்ஸ்அப்ல படம் போடலாமா?

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வீட்டில் "ரத்தம் கொடுத்தா உடம்பு போயிடும்" என்று தடுப்பார்கள் என்பதால் சொல்லாமல் வந்தவர்கள் இருப்பார்கள். ரத்த வகையைப் பெயரோடு சேர்த்துப் போடாதீர்கள், நடுராத்திரி தெரியாதவர்கள் போன் செய்வார்கள். மேடையேற விரும்பாதவரை வற்புறுத்தவும் வேண்டாம். சபைக்கு முன்னால் சொல்ல ஒரே ஒரு விஷயம் போதும்: பையின் மேல் ஒட்டும் லேபிளில் எண், ரத்த வகை, எடுத்த தேதி, முடியும் தேதி இருக்கும். கொடுத்தவர் பெயர் இருக்காது, எத்தனையாவது தடவை என்பதும் இருக்காது. குளிர்பெட்டியில் நூறாவது பையும் முதல் பையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

எங்க மாமாவுக்கு 64 வயசு, 97 தடவை கொடுத்திருக்கார். நூறு ஆயிடுமா?

65 வயது வரைதான் கொடுக்கலாம். பிறந்தநாளுக்கு எவ்வளவு இருக்கிறது, 90 நாள் இடைவெளியில் எத்தனை வரும் என்று எண்ணிப் பாருங்கள். வந்தால் சரி. வராவிட்டால் 97-க்கே விழா எடுங்கள், தேதியை நெருக்கிப் பிடிக்க வேண்டாம். அவரைப் பார்த்து முதல்முறை கொடுக்க நினைக்கும் மூத்தவர்களுக்கு ஒரு செய்தி: முதல் கொடைக்கு மேல் வயது வரம்பு 60.

விழா முடிஞ்சுது. புதுசா வந்த இருபது பேரை அடுத்த தடவை எப்படி வரவைக்கிறது?

அவர்கள் கிளம்பும் முன்பே தேதியை எழுதிக் கொடுங்கள். "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றால் யாரும் எண்ண மாட்டார்கள். முகாம் அக்டோபர் 1-ல் நடந்தால் ஆண்களுக்கு டிசம்பர் 30, பெண்களுக்கு ஜனவரி 29. இதை சீல் வைத்த அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். திரும்பியவர்களுக்கும் அதே அட்டை, அதில் மறுபரிசோதனைத் தேதி. அந்த நாளில் முகாம் இருக்காது என்பதால் பக்கத்தில் எந்த ரத்த வங்கி, எத்தனை மணிக்கு என்பதும் அட்டையில் இருக்கட்டும். மதுரைக்குள் இருப்பவருக்கு அரசு ராஜாஜி மருத்துவமனை ரத்த வங்கி எல்லோருக்கும் தெரிந்த இடம். மேலூர், வாடிப்பட்டிக்காரர்களுக்கு அவரவர் பக்கத்தில் உள்ளதை விசாரித்து எழுதுங்கள்.

மறுநாள் ஒரு போன் பண்ணுங்கள். கை வீங்கியிருக்கிறதா, தலை சுற்றியதா என்று மட்டும் கேளுங்கள், அடுத்த கொடையைப் பற்றிப் பேச வேண்டாம். அதை டிசம்பர் கடைசியில், தேதிக்கு ஒரு வாரம் முன்னால் பேசலாம். நூறு தடவை கொடுத்த அண்ணனுக்கும் அடுத்த தேதி அந்தச் சமயத்தில்தான் வரும். விருப்பமுள்ள இரண்டு மூன்று பேரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். 101-வதும் 2-வதும் ஒரே காலையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் நடக்கட்டும். அங்கே மைக்கும் வேண்டாம், மாலையும் வேண்டாம்.